டோக்கன் விழுந்ததா, இல்லையா?
கிளினிக்குகளுக்கு முன்பதிவுப் பக்கம் கட்டித் தரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



தேனி, திண்டுக்கல், நாமக்கல் மாதிரி ஊர்களில் குழந்தை டாக்டருக்கும் கண் டாக்டருக்கும் பல் டாக்டருக்கும் டோக்கன் போடும் பக்கம் செய்து கொடுக்கிறீர்கள். நானும் அதே பிழைப்பில் இருக்கிறவன்தான். உங்களில் பலர் கட்டிய பக்கங்களை என் ஃபோனில் திறந்து பார்த்திருக்கிறேன். பார்க்க லட்சணமாகவே இருக்கின்றன. டாக்டரின் அறையில் உட்கார்ந்து, கிளினிக் வைஃபையில் திறந்து காட்டினால் பொட்டென்று திறக்கின்றன. டாக்டர் தலையாட்டுகிறார், பில் பாஸாகிறது. ஆனால் டோக்கன் போடப் போகிறவர் அந்த அறையில் இல்லை.

அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்கிறேன். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடிகாலையில் ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய், சாயங்காலம் திரும்புகிற பெண்களில் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஜீப் மலை இறங்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து தகவல் வந்திருக்கிறது. ஊர் வந்து சேர்வதற்குள் குழந்தை டாக்டரிடம் ஒரு நேரம் பிடித்துவிட வேண்டும். ஒரு வளைவில் டவர் கிடைக்கும், அடுத்த வளைவில் போய்விடும். கையில் இருப்பது விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஃபோன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் தொட வேண்டும். இந்த மடல் முழுக்க அவருக்காகத்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்றால் உடனே படங்களைச் சுருக்கக் கிளம்புகிறோம். அது செய்ய வேண்டியதுதான். ஆனாலும் மலைப்பாதையில் நேரத்தைத் தின்பதில் பெரும்பங்கு எடைக்கு மட்டுமல்ல, நடைக்கும் உண்டு. ஃபோனிலிருந்து ஒரு சேதி சர்வருக்குப் போய், பதில் திரும்பி வருவதை ஒரு நடை என்று வைத்துக்கொள்வோம். நல்ல சிக்னலில் ஒரு நடைக்கு 50 மில்லி விநாடி ஆகலாம். சிக்னல் மங்கிய இடத்தில் அதுவே 400 ஆகும், மேலும் ஏறும். 400 என்றே கணக்குப் போடுவோம்.

இணைப்பைத் தொட்டதும் டொமைன் பெயருக்கு உரிய முகவரியைக் கேட்க ஒரு நடை. டிசிபி இணைப்புக்கு ஒரு நடை. டிஎல்எஸ் 1.3 என்றால் பாதுகாப்புக் கைகுலுக்கலுக்கு ஒன்று, பழைய 1.2 என்றால் இரண்டு. பிறகு பக்கத்தைக் கேட்டுப் பெற ஒன்று. ஆக நான்கு நடை, 1.6 விநாடி. அதுவரை திரை வெள்ளைதான். முதல்முறை வருகிறவருக்கு இந்தச் செலவை யாராலும் பெரிதாகக் குறைக்க முடியாது. இதற்குப் பின் நடப்பது எல்லாம் நாம் இழுத்து விட்டுக்கொள்வது.

நம் வழக்கமான பக்கம் எப்படி வந்து சேர்கிறது? எச்டிஎம்எல் என்ற பெயரில் ஒரு வெற்றுக் கூடு வருகிறது. அது ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் கேட்கிறது, அதற்கு ஒரு நடை. அந்தக் கோப்பு, சுருக்கிய பிறகும் 400 கேபி என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 400 கிலோபிட் வரும் நெட்டில் அது இறங்கி முடிக்க 8 விநாடி. இறங்கி, ஓடி, அதன் பிறகுதான் காலி நேரங்கள் எவை என்று வேறொரு முகவரியில் இருக்கும் ஏபிஐயைக் கேட்கப் போகிறது. புது முகவரி என்பதால் டொமைன் தேடல், டிசிபி, டிஎல்எஸ் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. கோரிக்கையில் தனி ஹெட்டர் ஏதாவது வைத்திருந்தால், 'கேட்கலாமா?' என்று கேட்பதற்கே பிரவுசர் `OPTIONS` என்று ஒரு நடை போய் வரும். இதில் மட்டும் ஐந்து நடை, 2 விநாடி. மொத்தம் கூட்டினால் 12 விநாடி. இத்தனை நேரமும் அந்த அம்மா பார்ப்பது சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டத்தை. நடுவில் டவர் போனால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறும், வட்டம் மட்டும் நிற்காமல் சுற்றும்.

இப்போது இதையே மாற்றிப் போடுங்கள். காலி நேரங்களை சர்வரே எச்டிஎம்எல்லுக்குள் எழுதி அனுப்பட்டும். டிசிபியில் சர்வர் முதல் வீச்சில், எதிர்முனையின் ஒப்புதலுக்குக் காத்திராமல், பத்துப் பொட்டலம் வரை அனுப்பலாம். 2013இல் வந்த ஆர்எஃப்சி 6928 முன்வைத்த அளவு அது, இன்று பெரும்பாலான சர்வர்களில் அதுதான் நடப்பு. பத்துப் பொட்டலம் என்பது ஏறக்குறைய 14 கேபி. உங்கள் பக்கம், ஸ்டைலையும் உள்ளேயே வைத்துச் சுருக்கிய பிறகு, அந்த 14 கேபிக்குள் அடங்கினால் நான்காவது நடையோடு முழுப் பக்கமும் வந்துவிடும். 12 கேபி இறங்க அதே நெட்டில் கால் விநாடி. ஆக இரண்டு விநாடிக்குள் நேரங்கள் கண்முன் இருக்கும், அதுவும் தொடக்கூடிய நிலையில்.

'தமிழில் எழுதினால் 14 கேபி போதாதே' என்று ஒரு நண்பர் சொன்னார். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும் என்பது உண்மை. 'டோ' என்ற ஓர் எழுத்தே இரண்டு குறியீடு, 6 பைட். ஆனால் அந்த மூன்று பைட்டில் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், இரண்டாவது பைட்டும் இரண்டில் ஒன்றுதான். இப்படித் திரும்பத் திரும்ப வருவதை ஜிஸிப்பும் பிராட்லியும் நன்றாகவே அமுக்கிவிடும். ஒரு டோக்கன் பக்கத்தில் இருக்கும் தமிழ் எழுத்தால் 14 கேபி நிரம்பாது. நிரப்புவது நீங்கள் தனியாக இறக்கும் தமிழ் ஃபாண்ட். இன்றைய ஆண்ட்ராய்டு ஃபோன்களில் தமிழ் ஃபாண்ட் கூடவே வருகிறது. அதை விட்டுவிட்டு, கிளினிக் லோகோவோடு பொருந்தவேண்டும் என்று ஒரு ஃபாண்டைக் கூப்பிட்டால், அது வந்து சேரும்வரை சில பிரவுசர்கள் மூன்று விநாடிவரை எழுத்தையே காட்டாமல் மறைத்து வைக்கும். பக்கம் வந்துவிட்டது, படிக்க ஒன்றும் இல்லை. `font-family: sans-serif` போதும். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வரைபடம், சாட் பெட்டி, 'நான் ரோபோ இல்லை' எல்லாமே வேறு வேறு முகவரிகளிலிருந்து வருபவை. ஒவ்வொன்றும் தனக்கென்று மூன்று நான்கு நடை கேட்கும். வரைபடத்துக்குப் பதில் 'பழைய பஸ் ஸ்டாண்ட் எதிரில், மெடிக்கல் ஷாப் மாடி' என்று ஒரு வரி எழுதினால் ஊர்க்காரர்களுக்குப் போதும்.

அடுத்து, தொடுதல்கள். ஒரே டாக்டர் உள்ள கிளினிக்கின் பக்கத்தில் 'துறையைத் தேர்ந்தெடுக்கவும்' என்று ஒரு பட்டியல் எதற்கு? அதில் ஒரே ஒரு துறை இருக்கிறது. பிறகு 'டாக்டரைத் தேர்ந்தெடுக்கவும்', அதிலும் ஒரே பெயர். பிறகு முழு மாதக் காலண்டர். காய்ச்சல் பிள்ளைக்கு அடுத்த மாதம் 23ஆம் தேதியில் யாரும் டோக்கன் தேடுவதில்லை. பக்கம் திறந்ததும் இன்று மிச்சமிருக்கும் நேரங்கள் ஆறு, பெரிய பொத்தான்களாக இருக்கட்டும். இன்று தீர்ந்துவிட்டால் நாளைக் காலை. அதற்குக் கீழே 'வேறு நாள்' என்று ஓர் இணைப்பு. போய்விட்ட நேரங்களைச் சாம்பல் நிறத்தில் காட்டி இடத்தை அடைக்க வேண்டாம், காலியானவை மட்டும் போதும். பொத்தான் உயரம் 48 பிக்ஸல், நடுவே 8 பிக்ஸல் இடைவெளி. குலுங்கும் ஜீப்பில் 5:40ஐத் தொடப் போய் 5:50 மேல் விரல் விழக்கூடாது.

கேட்க வேண்டிய தகவல் ஃபோன் நம்பர் ஒன்றுதான். நம் ஊர் கிளினிக்குகளில் பழைய சீட்டைத் தேடுவதே பெரும்பாலும் அந்த நம்பரை வைத்துத்தான். பிள்ளையின் பெயர், வயது, எடை எல்லாம் ரிசப்ஷனில் எப்படியும் ஒருமுறை கேட்பார்கள். பக்கத்தின் உயிர்நாடி இவ்வளவுதான்:

```html
<form method="post" action="/book">
  <input type="hidden" name="key" value="9f2c61d07b">
  <label><input type="radio" name="slot"
    value="2025-06-12T17:40"> மாலை 5:40</label>
  <input type="tel" name="phone" autocomplete="tel">
  <button>டோக்கன் போடு</button>
</form>
```

நேரத்தை ஒரு தொடு, நம்பர் பெட்டியை ஒரு தொடு, பிரவுசர் நீட்டும் நம்பரை ஒரு தொடு, 'டோக்கன் போடு' ஒரு தொடு. நான்கில் முடிகிறது. நம்பர் பெட்டிக்கு `maxlength="10"` வைக்காதீர்கள். +91 சேர்த்து யாராவது ஒட்டினால் கடைசி இலக்கங்கள் வெட்டுப்பட்டு, தப்பான நம்பர் ஒன்று பத்து எழுத்தோடு சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். எப்படி வந்தாலும் வாங்கிக்கொண்டு, +91ஐயும் முன்னால் வரும் பூஜ்யத்தையும் இடைவெளிகளையும் சர்வரில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஓடிபி வேண்டுமா என்று கேட்பீர்கள். டோக்கன் போடவே ஓடிபி கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பணம் கைமாறவில்லை. ஓடிபி என்றால் இன்னும் ஒரு நடை, ஒரு எஸ்எம்எஸ் வரும்வரை காத்திருப்பு, ஆப் மாறிப் போய்த் திரும்புதல். திரும்பும்போது குறைந்த நினைவகம் உள்ள ஃபோன் பக்கத்தையே தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து இறக்க ஆரம்பிக்கும். விளையாட்டுக்கு டோக்கன் போடுகிறவர்களைத் தடுக்க, ஒரு நம்பருக்கு ஒரு நாளில் மூன்று டோக்கனுக்கு மேல் இல்லை என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒன்று என்று வைக்காதீர்கள். ஒரே ஃபோனில் இரண்டு பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சேர்த்துப் போடுகிற வீடுகள்தான் அதிகம்.

இனி நான் எழுத வந்த முக்கியமான விஷயம். 'டோக்கன் போடு' என்பதைத் தொட்ட அந்தக் கணம்.

கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்கிறது. சர்வர் 5:40ஐ அந்த நம்பருக்கு எழுதிவிடுகிறது. பதில் கிளம்புகிறது. ஜீப் வளைவைத் திரும்புகிறது. பதில் வந்து சேரவில்லை. இப்போது சர்வரைப் பொறுத்தவரை டோக்கன் விழுந்துவிட்டது. அந்த அம்மாவைப் பொறுத்தவரை ஒன்றும் நடக்கவில்லை. அவர் என்ன செய்வார்? மறுபடி தொடுவார். நீங்களும் நானும் அதைத்தான் செய்வோம்.

அந்த இரண்டாவது தொடுதலுக்கு நம் பக்கங்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன. நேரத்துக்குப் பூட்டு இல்லாத பக்கம் என்றால் இரண்டு டோக்கன் விழும். பூட்டு இருக்கும் பக்கம் என்றால் இன்னும் கொடுமை: 'மன்னிக்கவும், இந்த நேரம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது' என்று வரும். பதிவு செய்தவர் அவரேதான்! அது அவருக்குத் தெரியாது. வேறு நேரத்தைத் தேடி 6:20ஐப் போடுவார். 5:40க்கு ரிசப்ஷனில் பெயர் கூப்பிடுவார்கள், ஆள் வராது. அந்த நேரத்துக்கு வந்திருக்கக்கூடிய இன்னொரு பிள்ளை வீட்டில் இருக்கும்.

இதைத் தீர்க்கத் தொட்டவுடன் பொத்தானை முடக்கி வைப்பது பரவலான பழக்கம். அது பொறுமையில்லாமல் இரட்டையாகத் தொடுவதைத்தான் தடுக்கும். பதில் வராமலே போனால் முடங்கிய பொத்தான் முடங்கியே கிடக்கும். அவர் பக்கத்தை மூடி மறுபடி திறப்பார், பிரச்சினை அப்படியே திரும்பி வரும்.

மருந்து மேலே உள்ள படிவத்தில் மறைந்திருக்கும் `key` தான். பக்கத்தை உருவாக்கும்போதே சர்வர் ஒரு தற்செயல் சாவியை அதில் வைத்து அனுப்புகிறது. சாவி பிறப்பது பக்கத்தோடு, தொடும்போது அல்ல. ஆகவே அதே பக்கத்திலிருந்து எத்தனை முறை தொட்டாலும் ஒரே சாவிதான் வரும். சர்வர் பக்கம் இப்படி:

```sql
CREATE UNIQUE INDEX ON booking (req_key, phone);
CREATE UNIQUE INDEX ON booking (doctor_id, slot_at);

INSERT INTO booking (req_key, doctor_id, slot_at, phone)
VALUES ($1, $2, $3, $4)
ON CONFLICT DO NOTHING
RETURNING token_no;
```

டோக்கன் எண் திரும்பி வந்தால் புதுப் பதிவு, வேலை முடிந்தது. எதுவும் திரும்பவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். முதலில் அதே சாவியும் அதே நம்பரும் உள்ள வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இது இரண்டாவது தொடுதல், முதல் பதில் வழியில் தொலைந்திருக்கிறது. பிழை எதுவும் காட்டாமல், அந்தப் பழைய டோக்கனையே 'உங்கள் டோக்கன் 14, மாலை 5:40' என்று காட்டுங்கள். இது இரண்டாவது முறை என்பதே அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அப்படி ஒரு வரி இல்லை என்றால்தான் உண்மையாகவே வேறொருவர் முந்திக்கொண்டார் என்று அர்த்தம். அப்போதும் 'இல்லை' என்று மட்டும் சொல்லி முதல் பக்கத்துக்குத் துரத்தாதீர்கள். '5:40 போய்விட்டது' என்று சொல்லும் அதே பதிலில் 5:50, 6:10, 6:20 மூன்றையும் பொத்தான்களாக வையுங்கள், ஃபோன் நம்பர் நிரம்பியே இருக்கட்டும். இன்னும் ஒரே தொடுதலில் முடியும்.

முதலில் `SELECT` போட்டுக் காலியா என்று பார்த்து, பிறகு `INSERT` செய்யும் பழக்கம் உங்களில் பலருக்கு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இன்னொருவர் நுழைய இடம் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு டோக்கன் திறக்கும் கிளினிக்கில் அந்த இடைவெளியில் நிச்சயம் ஆள் நுழைவார். தீர்ப்பைத் தரவுத்தளத்தின் கையில் விட்டுவிடுங்கள்.

சாவி வைப்பதில் ஒரு கண்ணிவெடி உண்டு. பக்கம் வேகமாக வரட்டும் என்று அதை சிடிஎன்னில் சேமித்து வைத்தீர்கள் என்றால், ஒரே சாவி ஊருக்கெல்லாம் போகும். இரண்டாவதாக வருகிறவருக்கு முதலாமவரின் டோக்கனைக் காட்டுவீர்கள். சாவியோடு நம்பரையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது இதற்கும்தான். கூடவே அந்தப் பக்கத்துக்கு `Cache-Control: private, no-cache` என்று ஹெட்டர் வையுங்கள். சிடிஎன் லோகோவையும் மற்றக் கோப்புகளையும் வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது பிள்ளைக்கு டோக்கன் போட 'பின்' பொத்தானை அழுத்தி வருகிறவரின் பக்கத்திலும் பழைய சாவிதான் இருக்கும். அதனால் உறுதிப் பக்கத்தில் 'இன்னொருவருக்கும் போட' என்று ஓர் இணைப்பைக் கொடுத்துப் புதுச் சாவியோடு பக்கத்தைத் திறந்துவிடுங்கள். அப்படியும் பழைய சாவி வேறு நேரத்தோடு வந்தால், 'உங்களுக்கு 5:40 இருக்கிறது. 6:10க்கு மாற்றவா, இன்னொரு டோக்கனா?' என்று கேட்டுவிடுங்கள். இதை நாமே யூகிக்கக்கூடாது.

நேரத்தைத் தொட்டவுடனேயே ஐந்து நிமிடம் அவருக்காக நிறுத்தி வைப்பது சினிமா டிக்கெட்டில் சரி. அங்கே பணம் கட்ட நேரம் வேண்டும். கிளினிக்கில் அது கூடுதலாக ஒரு நடை. டவர் போனவரின் பெயரில் காலி நேரம் சும்மா பிடிபட்டும் கிடக்கும். வேண்டாம்.

பதில் வரத் தாமதமானால் திரையில் என்ன எழுதுவது? படிவம் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே வேலை செய்யும். வேண்டுமென்றால் அதன் மேல் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் சேருங்கள். `fetch` தானாகக் காலம் பார்த்துக் கைவிடாது, நீங்கள்தான் `AbortController` வைத்து 8 விநாடியில் நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகு 'தோல்வி' என்று எழுதாதீர்கள். தோல்வியா என்று ஃபோனுக்கே தெரியாது. தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்: 'இன்னும் பதில் வரவில்லை. மறுபடி தொடுங்கள். இரண்டு டோக்கன் விழாது.' பொத்தான் தொடக்கூடியதாகவே இருக்கட்டும். ஸ்கிரிப்ட் இல்லாத ஃபோனில் பிரவுசரின் பிழைப் பக்கம் வரும், மறுபடி அனுப்பவா என்று கேட்கும். ஆம் என்றால் அதே சாவியோடு அதே படிவம் போகும். அங்கேயும் கெடுதல் இல்லை.

பதிவு முடிந்ததும் சர்வர் `303` கொடுத்து டோக்கனுக்கான தனி முகவரிக்கு அனுப்பட்டும். ஒரு நடை கூடுதல்தான், 400 மில்லி விநாடி. ஆனால் அவர் அந்தப் பக்கத்தை எத்தனை முறை புதுப்பித்தாலும் வெறும் பார்வைதான், பதிவு கிடையாது. வீட்டிலிருப்பவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பவும் ஒரு முகவரி கிடைக்கிறது.

இத்தனையும் செய்த பிறகு, பதில் வராமலே ஃபோனைப் பைக்குள் போட்டுவிடுகிறவர் இருக்கிறார். அவருக்கு எஸ்எம்எஸ்தான் கதி. டேட்டா இழுக்காத மங்கிய சிக்னலிலும் அது வந்து விழும். டவர் இல்லாவிட்டால் காத்திருந்து, வந்ததும் விழும். பதிவு எழுதிய அதே டிரான்ஸாக்ஷனில் 'அனுப்ப வேண்டியது' என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டு, பின்னணியில் வேறொரு வேலையாள் நிரல் அதை அனுப்பட்டும். எஸ்எம்எஸ் நிறுவனத்தின் சர்வர் பதில் சொல்லும்வரை உறுதிப் பக்கத்தை நிறுத்தி வைத்திருக்கும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மெதுவாக இருக்கும் நாளில் உங்கள் பக்கமும் மெதுவாகும். பழி ஜீப்பின் டவர் மேல் விழும்.

தமிழ் எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு கஞ்சத்தனம் பழக வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70, அதுவும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'அன்பார்ந்த வாடிக்கையாளரே, தங்களுடைய முன்பதிவு வெற்றிகரமாக உறுதி செய்யப்பட்டது' என்பதை எண்ணிப் பாருங்கள். 77 வருகிறது. நேரத்தைச் சொல்லும் முன்னரே ஒரு செய்தி தீர்ந்துவிட்டது. நான் எழுதுவது இப்படி:

```
டோக்கன் 14, வியாழன் 12/6 மாலை 5:40. மாற்ற: example.in/7k2m
```

இது 58. டிராய் விதிப்படி இந்த வாசகத்தை டிஎல்டி தளத்தில் முன்பே பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும், மாறும் இடங்களைக் குறித்துக் காட்டி. பதிந்த வாசகத்திலிருந்து ஒரு புள்ளி தள்ளிப்போனாலும் செய்தி வழியிலேயே நின்றுவிடலாம். உங்களுக்குப் பிழை எதுவும் தெரியாமலும் போகலாம். ஆகவே வாசகத்தை நிரலில் தொட்ட அன்றைக்கே உங்கள் நம்பருக்கு ஒன்று அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

அந்த 'மாற்ற' இணைப்பைத் திறந்தவுடன் டோக்கனை ரத்து செய்துவிடாதீர்கள். இணைப்புகளை முன்கூட்டித் திறந்து பார்க்கும் செயலிகளும், வாட்ஸாப்பில் அனுப்பினால் முன்னோட்டம் எடுக்கும் வழியும் இருக்கின்றன. மனிதர் தொடுவதற்கு முன் இயந்திரம் ரத்து செய்துவிடும். திறந்தால் டோக்கன் தெரியட்டும், ரத்துக்குத் தனிப் பொத்தான், அது `POST`.

கடைசியாக, இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது. குரோமின் டெவ்டூல்ஸில் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது தொடக்கத்துக்குச் சரி. ஆனால் அது ஒவ்வொரு கோரிக்கையையும் தாமதப்படுத்துகிறதே தவிர, பொட்டலம் பொட்டலமாக நெட்டை நடிப்பதில்லை. வழியில் பொட்டலம் தொலைவதும், புது முகவரிகளுக்கான கைகுலுக்கல் செலவும் அதில் உள்ளபடி தெரியாது. சோதனைச் சர்வர் லினக்ஸ் என்றால் இந்த ஒரு வரி போதும்:

```
tc qdisc add dev eth0 root netem delay 400ms loss 3%
```

ஃபோன் அமைப்பில் 2ஜிக்கு மாற்றிப் பார்க்கலாமே என்று நினைப்பீர்கள். ஜியோ சிம்மில் அது நடக்காது, அந்த வலையமைப்பில் 2ஜியே கிடையாது, சிக்னல் மொத்தமாகப் போய்விடும்.

பதில் தொலையும் நிலையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சோதனைச் சர்வரில் `COMMIT` முடிந்த இடத்துக்கும் பதில் அனுப்பும் இடத்துக்கும் நடுவில், புதுப் பதிவு என்றால் மட்டும், 20 விநாடி தூங்கச் சொல்லுங்கள். ஃபோனில் 'டோக்கன் போடு' தொடுங்கள். ஐந்து எண்ணி ஏரோப்ளேன் மோடு போடுங்கள். சிறிது கழித்து எடுத்துவிட்டு மறுபடி தொடுங்கள். டோக்கன் 14 என்று வர வேண்டும், தரவுத்தளத்தில் ஒரே வரி இருக்க வேண்டும். '15' என்றோ 'ஏற்கெனவே பதிவாகிவிட்டது' என்றோ வந்தால் பக்கம் இன்னும் தயாராகவில்லை.

பக்கம் ஓட ஆரம்பித்த பிறகு, ஒரே சாவி இரண்டாம் முறை வந்த ஒவ்வொரு தடவையையும் லாகில் குறித்து வையுங்கள். தொலைந்த பதில்கள் எத்தனை என்று தெரிந்துகொள்ள உங்களுக்குக் கிடைக்கும் நேரடிக் கணக்கு அது. அனலிட்டிக்ஸில் அது வராது, டவர் இல்லாதவரின் ஃபோனில் அனலிட்டிக்ஸ் ஸ்கிரிப்டும் வந்து சேர்ந்திருக்காது. கூடவே ரிசப்ஷனில் இருக்கும் அக்காவிடம் ஒரு நோட்டுக் கொடுத்து, 'நெட்டுல போட்டேன், விழுந்துச்சா?' என்று கேட்டு வரும் ஒவ்வொரு ஃபோனுக்கும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் லாகையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாகில் இரண்டாம் முறை வந்த சாவிகள் நிறைய, நோட்டில் கோடுகள் குறைவு என்றால் சாவி தன் வேலையைச் செய்கிறது. லாகில் ஒன்றும் இல்லாமல் நோட்டில் மட்டும் கோடுகள் நிறைந்திருந்தால், கோரிக்கையே சர்வருக்கு வந்து சேரவில்லை, அல்லது எஸ்எம்எஸ் எங்கோ நின்றுவிட்டது. முதலில் டிஎல்டி வாசகத்தைப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே கிளினிக் படிகளை ஏறி இறங்கும் ஒரு நிரலாளர்